முழங்காலை மூடிய பூக்கள்

என் மனைவி நாற்பத்தேழு வயதில் பரதநாட்டியத்தில் கடைசித் தரத் தேர்வு எழுதியது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அவளுடைய ஆசிரியைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். எழுதினாள் என்பதை விட ஆடினாள் என்பது சரி. அரை மணித்தியாலம், ஒரே கமரா, வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல், தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். அந்தப் படத்தை இந்தியாவில் இருக்கும் தேர்வுச் சபையின் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

வெளியே சொல்லாததற்குக் காரணம் வெட்கம். ஒஸ்லோவில் எங்கள் குரோருட்டில் ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து ரொம்சோஸில் "நூறு வயசு" என்பார்கள். "பிள்ளையளை ஆட விடுற வயசிலை இவ ஆடுறாவாம்" என்ற ஒரு வசனம் ஒரு கல்யாண வீட்டில் எழும்பினால் போதும், அவள் சலங்கையைக் கழற்றி வைத்துவிடுவாள். பகலில் முதியோர் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, மாலையில் எங்கள் நிலக்கீழ் அறையில் மூன்று வருடம் தனியே பயின்றவள். நான் வாசலில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்ப்பேன். என் பங்கு அவ்வளவே என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் நான் படம் எடுக்கிறவன். கிழமை நாட்களில் பண்டகசாலையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம். இருபது வருடமாக ஒஸ்லோத் தமிழர்களின் பாதி முகங்களை நான் பதிந்திருக்கிறேன். ஆகவே இந்தப் படத்தையும் நானே எடுத்தேன். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு முதல் நாள், புதன் காலை, ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். மறு கிழமை அவளுக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை. அதற்குப் பிறகு எப்போது ஆடலாம், ஆடலாமா என்பதே தெரியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தேர்வை ஒரு தடவை ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று. இனித் தள்ள முடியாது. வியாழன் இந்திய நள்ளிரவுக்குள், அதாவது எங்கள் நேரம் இரவு எட்டரைக்குள், படம் போய்ச் சேர வேண்டும்.

வியாழன் காலை எழும்பினால் வீட்டில் இணையம் இல்லை. எங்கள் தொடர்மாடிக்குக் கீழே குழாய் மாற்றத் தோண்டியவர்கள் கண்ணாடி இழைக் கம்பியை அறுத்துவிட்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு மலைக்குப் போய்விட்டார்கள். திருத்துபவர் விடுமுறை முடிந்துதான் வருவார். நூலகம் பூட்டு. கடை பூட்டு. மாடி முழுக்கச் சனம் கைத்தொலைபேசியில் தொங்கியதில் அதுவும் இழுபட்டது. அளந்து பார்த்தேன். மேலே அனுப்பும் வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபிட், அதுவும் தவழ்ந்து தவழ்ந்து.

"ஆரும் தெரிஞ்சவை வீட்டை கொண்டுபோய் ஏத்தினா என்ன?" என்று கேட்டேன்.

"ஏத்தேக்கை படம் ஓடாதோ? அவை பாக்காயினமோ?" என்றாள். மறு பேச்சில்லை.

நான் வழமைபோல ஏற்றுமதி செய்து வைத்திருந்த கோப்பு பதினெட்டு ஜிகாபைட். நான்கு கே தெளிவு, செக்கனுக்கு ஐம்பது சட்டம், அதாவது ஃபிரேம், எண்பது மெகாபிட். கல்யாணக்காரருக்கு யூஎஸ்பி குச்சியில் போட்டுக் கொடுக்கிற அமைப்பு அது, விரலே பழகிப்போய் அழுத்திவிடும். ஏற்றத் தொடங்கியதும் தளம் கணக்குப் போட்டுச் சொன்னது: இன்னும் நாற்பது மணித்தியாலம்.

சரி, குறைப்போம் என்று உட்கார்ந்தேன். நான்கு கேயை 1080 ஆக்கி, எண்பதை இரண்டு மெகாபிட் ஆக்கினேன். வந்த படத்தில் என் மனைவியைக் காணவில்லை. பட்டுச் சேலை கட்டிய சதுரக் கட்டிகள் ஆடின. கோபம் வந்தது. சட்டங்களையாவது பாதியாக்குவோம், மிச்சம் பிடித்த இடத்தில் படம் தெளியும் என்று ஐம்பதை இருபத்தைந்து ஆக்கினேன். கட்டிகள் கொஞ்சம் குறைந்தன. அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். தில்லானாவின் மூன்றாம் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதிலை என்ரை காலைக் காணேல்லை," என்றாள். "அடி ஒண்டு விழுது, ஒண்டு விழேல்லை. பாக்கிறவை நான் தாளம் விட்டிட்டன் எண்டெல்லோ நினைப்பினம்."

உண்மைதான். பாதம் தரையில் படுகிற அந்தக் கணம் சில இடங்களில் எடுத்தெறிந்த சட்டத்தோடே போயிருந்தது. எனக்கு அவள் மேல் எரிச்சல், தோண்டினவன் மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே எரிச்சல். இருபது வருடம் கமரா பிடித்தவன், சொந்த மனைவிக்கு ஒரு கோப்பு அனுப்பத் தெரியாமல் முழி பிதுங்கி நின்றேன்.

நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு ஆள். கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வந்து இரண்டு வருடமாகியும் படியில் கண்டால் சிரிப்பதோடு சரி. நாங்கள் கதைப்பது அவருக்கு முழுதாக விளங்காது, அவர் பேசுவதில் பாதி ஆங்கிலம் என்று நாங்கள் நக்கலடிப்போம்.

"சார், உங்க வீட்லயும் நெட் போயிடுச்சா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு சார்?" என்றார்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவருக்கு எங்கள் ஆட்கள் யாரையும் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நிகழ்நிலைக் கூட்டங்களுக்கான காணொளியைச் சுருக்கும் மென்பொருள் எழுதுவதுதான் அவர் வேலையாம். இரண்டு வருடம் எதிர்வீட்டில்! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

படத்தைப் பத்துச் செக்கன் பார்த்தார். "சார், இந்தப் பூ எதுக்கு?"

எங்கள் படங்களில் பூ விழும். கணினியில் சேர்க்கும் ரோசா இதழும் தங்கத் தூளும் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணக்காரர் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் போடுவேன். இதிலும் போட்டிருந்தேன்.

"அதான் உங்க டேட்டாவ தின்னுது," என்றார். "பின்னாடி இருக்கிற திரை அசையாது. அசையாததுக்கு ஒண்ணுமே அனுப்ப வேண்டாம், முந்தின ஃபிரேம்ல இருந்ததையே வெச்சுக்கோன்னு சொன்னா போதும். மாறுறத மட்டும்தான் அனுப்பணும். அக்கா ஆடுறது மட்டும்தான் மாறணும். இப்ப திரை முழுக்க ஒவ்வொரு ஃபிரேமும் ஆயிரம் இதழ் மாறுது. ரெண்டு மெகாபிட்ல முக்கால்வாசி பூவுக்குப் போயிடுது. மிச்சம்தான் அக்காவுக்கு."

பூவை எடுத்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்.

படத்தின் பதினெட்டாவது நிமிடத்திலிருந்து, முழங்கால் மடித்து அரைமண்டியில் இருக்கும்போதெல்லாம் அவளுடைய இடது முழங்கால் நடுங்குகிறது. மண்டபத்தில் கமராவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கண்டேன். திரும்ப எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளால் திரும்ப ஆடவும் முடியாது. வீட்டுக்கு வந்து, மற்றவர்களுக்குப் போடுவதை விட இரண்டு மடங்கு பூவைப் போட்டேன். சரியாக முழங்கால் உயரத்தில் அடர்த்தியாக விழும்படி வைத்தேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் சொன்னேன், அந்நிய மனிதர் முன்னால். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நடுங்கிறது எனக்குத் தெரியாதோ? ஆடினது நான்," என்றாள். "எடுங்கோ அதை."

எடுத்தேன். எதிர்வீட்டார் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்லச் செய்தேன். மண்டப வெளிச்சம் குறைவானதால் இருட்டுப் பக்கத்தில் புள்ளிபுள்ளியாகத் துகள்கள் மினுங்கின. அதுவும் ஒவ்வொரு சட்டத்திலும் மாறுவதுதான் என்று மெல்லத் துடைக்கச் சொன்னார். அளவை 720க்கு இறக்கினார். "கால் தெரியணும்னா ஃபிரேமை விட்டுக்கொடுக்காதீங்க, சைஸை விட்டுக்கொடுங்க" என்று ஐம்பதை ஐம்பதாகவே வைத்தார். இரண்டரை மெகாபிட். இரண்டு தடவை ஓட்டம்: முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக்கொள்ளும், இரண்டாவதில் அங்கே கூடக் கொடுத்து எழுதும். புது வகைச் சுருக்கத்தில் கோப்பு இன்னும் சிறுக்கும், ஆனால் தேர்வுத் தளம் ஏற்குமோ தெரியாது, பழையதே நல்லது என்றார். முழுப் படத்தையும் ஓட்டவிடாமல் தில்லானாவில் ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தோம்.

அவள் குனிந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் விழுந்தது. முழங்காலும் நடுங்கியது.

"காணும், இது போதும்," என்றாள்.

முழுக் கோப்பும் அறுநூறு மெகாபைட்டுக்குள் வந்தது. எண்பது நிமிடம் என்று கணக்கு. எதிர்வீட்டார் என் தொலைபேசியை வரவேற்பறை யன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, கம்பியால் கணினியோடு இணைத்தார். அவளுடைய தொலைபேசி பின்னணியில் நிழற்படங்களை எங்கோ சேமித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து நிறுத்தினார். ஆறேகாலுக்குத் தொடங்கினோம். நாற்பது சதவீதத்தில் வேகம் பாதியாய் விழுந்தது. நான் யன்னலுக்கும் கணினிக்கும் நடந்தேன். அவள் தேத்தண்ணி போட்டாள், யாரும் குடிக்கவில்லை. எதிர்வீட்டார் எழும்பிப் போயிருக்கலாம். அவருக்கு விடுமுறை, வீட்டில் மனைவி காத்திருந்தார். போகவில்லை. எட்டு பன்னிரண்டுக்குப் பச்சை அடையாளம் வந்தது. அவர்தான் முதலில் கை தட்டினார்.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "அக்கா, எங்கம்மாவும் சின்ன வயசுல ஆடுனாங்களாம். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுட்டாங்க. நான் ஒரு தடவகூடப் பார்த்ததில்ல," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வயதில் ஏன், யாருக்காக, வேலைக்கு நடுவில் எப்படி என்று நான் பயந்த எந்தக் கேள்வியும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன். பிறகு எத்தனையோ தடவை இடியப்பமும் சொதியும் கதவைத் தாண்டிப் போயிருக்கிறது. அதெல்லாம் அதற்கு ஈடாகாது.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. அவள் ஊன்றுகோலோடு நின்றபடி வாசித்தாள். தேர்வில் சித்தி, தேறிவிட்டாள். முதலாம் பிரிவு இல்லை, இரண்டாம் பிரிவு. அவள் கதிரையில் உட்கார்ந்து ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் படத்தைக் குடும்பக் குழுவிலை போடுங்கோ. ஊரிலை இருக்கிறவைக்கும் போகட்டும், சின்னக் கோப்புத்தானே."

நான் தயங்கினேன். "முழுசையுமோ? கால் நடுங்கிற கடைசிப் பக்கத்தை வெட்டிப்போட்டுப் போடட்டோ?"

"ஏன் வெட்டுவான்?" என்றாள். "அந்தக் காலாலைதானே நான் ஆடினனான்."