கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு சான்றிதழ்

வரி அலுவலகத்தில் விசாரணை என்றதும், சுவரில் மாட்டியிருந்த இரண்டு சான்றிதழ்களையும் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி, துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன் நான். நகல் எடுத்தால் மதிப்புக் குறையும் என்று நினைத்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், "சாமி படமா?" என்று கேட்டார். "மாதிரிதான்" என்றேன்.

மணவாள நகரில் செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் என் அலுவலகம். முதல் சான்றிதழ் வருமான வரித் துறை பயிற்சியும் தேர்வும் வைத்துக் கொடுத்தது. வருமான வரிப் படிவம் தயாரிப்பவர் என்ற பட்டம். இரண்டாவது, பல வருடம் கழித்து வாங்கிய ஜிஎஸ்டி பயிற்சியாளர் சான்றிதழ்; வியாபாரிகளுக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவருக்குத் தருவது. 'பயிற்சியாளர்' என்று போட்டிருந்ததால் என் மாமனார் வெகுநாள் நான் யாருக்கோ உடற்பயிற்சி சொல்லித் தருவதாக நம்பினார். என் வயிற்றைப் பார்த்தும் நம்பினார் என்பது அவருடைய பெருந்தன்மை.

விசாரணை என்னுடையதல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வார்ப்புப் பாகங்களின் பிசிறைத் தேய்த்துக் கொடுக்கும் சின்ன ஷெட் ஒன்றை நடத்திவந்த, என் வாடிக்கையாளரான அக்கா ஒருவருடையது. ஆறு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். ஒருநாள் வரி அலுவலகத்திலிருந்து ஷெட்டைப் பார்க்க வந்தபோது பூட்டியிருந்தது. அந்த இடத்தில் தொழிலே நடக்கவில்லை, ஜிஎஸ்டி பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. முடிவாகும்வரை பதிவு இடைநிறுத்தம். இடைநிறுத்தத்தில் பில் போட முடியாது, பில் இல்லாமல் அவருக்கு வேலை தரும் தொழிற்சாலையின் வாசலுக்குள் ஒரு பெட்டியும் போகாது. பதிவு ரத்தானால் அந்த வேலை வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவும்தான் விஷயம்.

பதிலை ஜிஎஸ்டி இணையப் போர்ட்டலில் போட்டாயிற்று, வாடகை ஒப்பந்தம், கரண்டு பில் எல்லாம் சேர்த்து. நேரில் வரச்சொன்ன நாளுக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார்.

"நானும் வரட்டா, நைனா?"

"நீங்க எதுக்கு அக்கா பேஜார் பட்டுகினு? நான் உள்ள போனா அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் என்பது சரிதான். அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

அதிகாரி ஓய்வை நெருங்கியவர், குரலை உயர்த்தாதவர். முதல் சட்டத்தை மேசையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது வருமான வரி. வேற துறை."

"சார், அதுவும் வரிதானே."

"அங்கயே இத வெச்சிகினு அதிகாரி முன்னாடி வாதாட முடியாது. ஆடிட் தேவைப்படாத தனிநபருக்கு, கூட்டுக் குடும்பத்துக்கு ரிட்டர்ன் தயார் பண்ணலாம், தாக்கல் பண்ணலாம். அதோட உங்க வேல முடிஞ்சிது."

பல வருடமாக அந்தச் சான்றிதழைக் காட்டி, "நோட்டீஸ் வந்தா நான் போய்ப் பேசிக்கிறேன்" என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, யாருக்கும் அந்தத் துறையிலிருந்து நோட்டீஸ் வரவில்லை. இரண்டாவது சட்டத்தை வைத்தேன்.

"இது சரி. ஜிஎஸ்டி சட்டத்துல நீங்க எங்க முன்னாடி ஆஜராகலாம். சத்தியம் வாங்கி விசாரிக்கக் கூப்ட்டாதான் பதிவு வெச்சிருக்கறவங்களே வரணும். இது அது இல்ல. ஆனா, யாருக்காக வந்திருக்கீங்க?"

அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"அவங்க உங்களை அங்கீகரிச்ச படிவம் எங்க?"

"நாலு வருஷமா அவங்க ரிட்டர்ன் எல்லாம் நான்தான் சார் போடறேன்."

கணினியைத் தட்டிப் பார்த்தார். "அவங்களேதான் போட்டிருக்காங்க. ஒண்ணு விடாம."

அங்கேதான் மாட்டினேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். அக்காவின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் என் நோட்டில். மாதம் ஒருமுறை போன் செய்வேன், தேய்க்கும் மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் ஓடிபி எண்களைக் கத்துவார், முடிந்தது. முறைப்படி என்னைத் தன் பயிற்சியாளராக அவர் நியமிக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. போர்ட்டலைப் பொறுத்தவரை நாலு வருடமாக நான் பிறக்கவே இல்லை.

"மூணு மணி வரைக்கும் டைம் தரேன்" என்றார் அதிகாரி. "அங்கீகாரத்தோட வாங்க. இல்லன்னா அவங்களை வரச் சொல்லுங்க."

வெராந்தாவில் நின்று அக்காவை அழைத்தேன். பொன்னேரியைத் தாண்டி வரவேண்டும், மின்சார ரயில் பிடித்து வருகிறேன் என்றார். போனை வைத்ததும் எனக்கு ஒரு மகா யோசனை. பாஸ்வேர்டுதான் என்னிடம் இருக்கிறதே. செல்போனில் அக்காவாக உள்ளே நுழைந்து, என்னுடைய பதிவு எண்ணைத் தேடி, என்னை நானே நியமித்துக்கொள்ளும் பக்கம் வரை போய்விட்டேன். பின்னால் டீ கிளாஸோடு அதிகாரி.

"மாப்பிள்ளையே பொண்ணுக்கும் சேத்து தாலி கட்டிக்கிறாரா?"

போனைப் பையில் போட்டேன். அன்று அவர் நினைத்திருந்தால் யாரும் ஆஜராகவில்லை என்று எழுதி ரத்து செய்திருக்கலாம். என்மேல் புகாரும் எழுதியிருக்கலாம். டீக் கடைப் பையனிடம் இன்னொரு டீ சொன்னார், எனக்கு. இன்றைக்கும் அந்த டீக்கு நான் கடன்பட்டவன்.

இரண்டரை மணிக்கு அக்கா வந்தார், கை முழுக்க இரும்புத் தூள். எதிரே ஜெராக்ஸ் கடையில் அங்கீகாரப் படிவத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் மேலே இருந்து படிக்க ஆரம்பித்தார்.

"ரிட்டர்ன் போடறது. சரி. பணம் கட்டறது. சரி. ரீபண்டு கேக்கறது. இது இன்னாத்துக்கு உனக்கு?"

"எல்லாத்தையும் டிக் பண்றதுதான் அக்கா வழக்கம்."

"யார் வழக்கம்?"

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றில் டிக் போட்டார். பிறகு தன் போனிலிருந்து போர்ட்டலிலும் என்னை நியமித்தார். நான் ஏற்றுக்கொண்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை அவசரமாகச் சம்மதித்ததில்லை.

உள்ளே போனோம். படிவத்தை நீட்டினேன். இப்போது சட்டப்படி பேச உரிமை உள்ளவன் நான், தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"அன்னிக்கு ஒரு லாட்டு ரிஜெக்ட் ஆயிடுச்சு சார். கம்பெனிலயே வந்து தேச்சுக் குடுன்னாங்க. ஆறு பேரையும் இட்டுகினு போயிட்டேன். ஷெட்ட பூட்டாம போவ முடியுமா?" தொழிற்சாலை வாசல் பதிவேட்டின் நகலை மேசையில் வைத்தார். ஏழு பெயர், உள்ளே போன நேரம், வந்த நேரம், காவலாளி கையெழுத்து.

நாலு பக்கம் பதில் எழுதிய எனக்கு, அன்று எங்கே போனீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதிகாரி தேதியைச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா? இப்போ சொல்லலாம்."

"இல்ல சார்."

சில நாளில் நடவடிக்கையைக் கைவிட்டதாக உத்தரவு போர்ட்டலில் வந்தது. பதிவு உயிர்பெற்றது, பெட்டிகள் மறுபடி வாசலுக்குள் போயின. அந்த வாரமே என் மற்ற வாடிக்கையாளர்களிடமெல்லாம் போய் அங்கீகாரம் வாங்கிவந்தேன். ஒருவர், "அப்போ இத்தினி நாளா நீ யாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சட்டங்கள் மறுபடி ஆணிக்குப் போய்விட்டன. முதல் சான்றிதழின் கீழே, 'தாக்கலோடு சரி' என்று சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

உத்தரவு வந்த அன்று அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவர் நன்றியெல்லாம் சொன்ன பிறகு, பழக்கதோஷத்தில், "உத்தரவை டவுன்லோடு பண்ணணும் அக்கா, உங்க பாஸ்வேர்டு போட்டா தப்புன்னு வருது" என்றேன்.

மிஷின் சத்தம் ஒரு நொடி நின்றது.

"மாத்திட்டேன்."