கேட்காமல் விட்ட தேதி

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பலகாரக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் கம்பனி. முதலாளியும் நானும் மட்டும். சஸ்காச்சுவானில் விளையும் மைசூர்ப் பருப்பைக் கொழும்புக்கு ஏற்றுவதுதான் தொழில். அதுவும் முதல் தடவை. பருப்பு வாங்கவென்று அவர் விட்பியில் இருந்த தன் புது வீட்டை வங்கியில் ஈடு வைத்திருந்தார். நான் டைப் அடித்து, பத்திரங்கள் சேர்த்து, ஃபாக்ஸ் அனுப்புவேன். எல்லாம் தெரிந்தவள் என்ற திமிரும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

கொழும்பு வியாபாரியின் வங்கியிலிருந்து எல்சி, அதாவது காசுக்கான உத்தரவாதக் கடிதம், வந்தது. கேட்ட பத்திரங்களை எழுத்துப் பிசகாமல், சொன்ன தேதிக்குள் கொடுத்தால் அந்த வங்கி காசு தரும். ஒன்று பிசகினாலும் தரவேண்டியதில்லை. எங்கள் எல்சியில் ஒக்டோபர் முடிவதற்குள் கப்பல் ஏற்ற வேண்டும், நவம்பர் பதினைந்துக்குள் பத்திரங்களைக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. மழையால் அறுவடை பிந்தி, பருப்பு ரயிலில் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்து சேரவே நவம்பர் பிறந்துவிடும் என்றார்கள். கிடைத்த கப்பல் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை.

"பிள்ளை, மாத்தச் சொல்லி எழுதும். தேவையான எல்லாத்தையும் ஒரே தரத்திலை கேளும்" என்றார் முதலாளி.

கப்பல் தேதியைப் பன்னிரண்டுக்கு மாற்றித் தரும்படி வியாபாரிக்கு எழுதினேன். பத்திரம் கொடுக்கும் முடிவுத் தேதியையும் தள்ளிக் கேட்பதா என்று யோசித்தேன். சனி ஏற்றினால் திங்கள் பத்திரம் வரும், செவ்வாய் வங்கி. போதும் என்று பட்டது. ஒரு மனிதரிடம் இரண்டு தயவு கேட்க எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. "எல்லாம் கேட்டாச்சோ?" என்றார் முதலாளி. "ஓம் அண்ணை" என்றேன். அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் காலை வியாபாரியே கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தார். முதலாளி வெளியே போயிருந்தார்.

"தங்கச்சி, ஒவ்வொரு மாத்தத்துக்கும் பேங்க் என்னட்டைத்தான் காசு புடுங்குது. நாளைக்குப் போய் எழுதிக் குடுக்கப்போறன். வேறை ஏதும் மாத்த இருக்கோ? இப்பவே சொல்லுங்கோ."

நம் வீடுகளில் சாப்பிட இருந்தால் இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்பார்கள். பசித்தாலும் போதும் என்றுதான் வாயில் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது.

"இல்லை அண்ணை, இது காணும்."

நாலு நாளில் எங்கள் வங்கிக்கு மாற்றம் வந்தது. கப்பல் தேதி பன்னிரண்டு. மற்றதெல்லாம் முன்பு போலவே.

கப்பல் சொன்ன நாளில் புறப்பட்டது. செவ்வாய்க்கிழமை வந்த கப்பல் பத்திரத்தில் எடையைப் பிழையாக அடித்திருந்தார்கள். மொன்றியலுக்குத் திருப்பி அனுப்பி, சரியானது கைக்கு வர வியாழனாகிவிட்டது. வங்கியில் இருந்த வெள்ளைக்காரப் பெண் பத்திரங்களை இரண்டு தரம் புரட்டினாள். கப்பல் தேதி சரி, ஆனால் எல்சி செவ்வாயோடு முடிந்துவிட்டது, இனி வாங்குபவர் சம்மதித்தால்தான் காசு என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குள் வேறு கப்பல்களில் பருப்பு வந்து இறங்கி, கொழும்பில் விலை விழுந்திருந்தது. முதலாளி வியாபாரிக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ரெண்டு நாள்தானே. கொஞ்சம் விட்டுக்குடுங்கோ."

"இண்டைக்குச் சந்தையிலை என்ன விலையோ அந்த விலைக்குத் தாறதெண்டால் எடுக்கிறன். குறை நினையாதேங்கோ. அண்டைக்கு நான் உங்கட பிள்ளையிட்டைக் கேட்டனான், வேறை ஏதும் மாத்தவோ எண்டு. இல்லையெண்டவ."

அந்த ஃபோன் வந்த விஷயத்தையே நான் முதலாளிக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டவரோ?"

"ஓம் அண்ணை."

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் ஃபோன் பக்கம் திரும்பி, "சரி, எடுங்கோ" என்றார்.

பருப்பு அரை விலைக்குப் போனது. தை மாதம் கம்பனியை மூடினார். மாசியில் விட்பி வீடும் போயிற்று. வீடு மாறும் நாள் உதவிக்குப் போனேன். போகாமல் இருக்கத் தைரியம் இல்லை. அவருடைய மனைவி கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"பாவம், உம்மட வேலையும் போச்சு. இவர் இப்பிடித்தான், ஒண்டையும் யோசியாமல் இறங்கிறவர். எங்களாலை உமக்கும் கரைச்சல். மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை."

அடுத்த அறையில் அவர் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். சுத்தியல் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. நான் அடுத்த கோப்பையை எடுத்துச் சுற்றினேன்.