டமாஸ்கஸில் முப்பத்தொரு பேரைக் கொன்றேன்

நான் ஒரு முட்டாள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்; கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில், பெற்றோல் நிலையத்து ஷிப்டுகளுக்கு நடுவே முதுகலை ஆய்வு எழுதப் போய், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸில் வாழ்ந்த முப்பத்தொரு பேரைக் கொன்றுவிட்டேன்.

சிலுவைப்போர்கள் அயலிலிருந்த முஸ்லிம் நாடுகளின் கல்வியை என்ன செய்தன என்பதுதான் என் ஆய்வு. ஜிஹாதைப் பற்றிய நாற்பது நபிமொழிகளின் கையெழுத்துப் பிரதியொன்றின் படம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள், பக்கத்தில் எனக்கு விளங்காத சிறு குறிப்புகள். போரில் இறந்தவர்கள் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். வெள்ளிக்கிழமை கடைசித் தவணை. இரண்டு தடவை நீட்டித் தந்துவிட்டார்கள். தவறினால் பதிவு ரத்து.

செவ்வாயன்று ஈஸ்ட் ஹாமில் ஒரு தேநீர்க் கடையில், மன்னாரிலிருந்து வந்த மௌலவி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். என் அரை அரபியைத் திருத்துபவர் அவர்தான்.

"அண்ணை, இவங்க எங்க செத்தாங்க?"

"சண்டையிலதான்."

"இந்தா, இவர் இடையில நித்திரை கொண்டார் எண்டு எழுதியிருக்கு. செத்தவர் எப்பிடி நித்திரை கொள்ளுறது?" அவர் விரல் கீழே இறங்கியது. "இவர் பிந்தி வந்தவர். இது அஞ்சு வயசுப் பிள்ளை."

அந்தக் கடைசிப் பக்கம், நூலை ஆசிரியர் முன் வாசித்தபோது இருந்து கேட்டவர்களின் பதிவு. அதில் பெயர் இருந்தால்தான் நூலைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

"ஏன் அண்ணை, பேரைக் கண்டவுடன செத்தவங்க எண்டு நினைச்சீங்க?"

பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் யுத்தம் கண்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறெதுவும் தோன்றுவதில்லை. எழுதும்போதும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் உயிரோடு எழுந்தபோதும் ஒன்றும் செய்யவில்லை. தேநீர் ஆறியிருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். ஜெருசலேம் சிலுவைப்போர்ப் படையிடம் விழுந்து சில ஆண்டுகளில் டமாஸ்கஸ் அறிஞர் ஒருவர், நம் ஒற்றுமையின்மையும் மார்க்கத்தில் அசட்டையும்தான் தோல்விக்குக் காரணம், முதலில் உன் மனத்தோடு போராடு என்று பள்ளிவாசல்களில் தன் நூலை வாசித்தார். கேட்க வந்தவர்கள் கொஞ்சப் பேர். இரண்டு தலைமுறை கழித்து ஓர் ஆட்சியாளர் நபிமொழிக்கென்றே கல்லூரி கட்டினார். மதரசாக்களுக்கு நிலங்களை அறக்கொடையாக எழுதிவைத்தார். ஜிஹாத் நபிமொழிகளைத் தொகுக்கச் சொன்னார். ஜெருசலேமின் சிறப்பைச் சொல்லும் நூல்களும் ஊரார் கூடியிருக்க வாசிக்கப்பட்டன. பிராங்கியர் எனப்பட்ட சிலுவைப்போர்க்காரர் ஆண்ட நாப்லுஸ் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் டமாஸ்கஸுக்கு வெளியே மலையடிவாரத்தில் குடியேறி, அதையே ஒரு கல்விப் பேட்டையாக்கின. என் முப்பத்தொரு பேரும் அங்கேதான் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், ஒருவர் தூங்கியபடி.

பழைய அத்தியாயம் முழுவதையும் அழித்தேன். பிறகு மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல்: "அம்மணி, முப்பத்தொரு பேரை உயிரோடு எழுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு கிழமை தரமாட்டீர்களா?"

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி."