கஞ்சி கணக்கில் இல்லை

என் கணவருக்கு இரண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மூத்திரம் போவதே அருமை. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் அவருக்கு அனுமதி.

றமழான் வந்தது. நோன்பு வேண்டாம் என்றார் டாக்டர். ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார் மௌலவி. இரண்டு பேருக்கும் "ஓம்" சொல்லிவிட்டு, மெஷின் இல்லாத நாட்களில் இவர் நோன்பு பிடித்தார். பிரஷர் குளிசைகளையும் யாரிடமும் கேளாமல் விடியுமுன் ஸஹருக்கும் அந்தி மஃரிபுக்கும் மாற்றிக்கொண்டார்.

"பகல்ல குடிக்காட்டி உடம்புல தண்ணி குறையும்தானே புள்ள? நல்லதுதானே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யோசிக்க யோசிக்க அவர் சொல்வது சரி போலவும் இருந்தது.

சில நாளில் அவரால் படுக்க முடியாமல் போயிற்று. கால் வீங்கி, மூச்சு இரைக்க, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். மெஷின் நாள் வரும்வரை காத்திராமல் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். நிறை பார்த்த நர்ஸ் மிஸ் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இவ்வளவு தண்ணி குடிச்சிருக்கீங்க?"

"வல்லாஹி, போத்தலுக்கு மேல குடிக்கல்ல" என்றார்.

நானும் சத்தியம் பண்ணினேன். பொய்யில்லை, போத்தலில் மிச்சம்கூட இருந்தது. எங்கேயிருந்து வந்தது இந்தத் தண்ணீர்?

"அப்ப நோன்பு எதால திறந்தீங்க?"

"பேரீச்சம்பழமும் கஞ்சியும்."

"எவ்வளவு கஞ்சி?"

எப்படிச் சொல்ல? பள்ளிவாசல் கஞ்சி, வீட்டுக் கஞ்சி, அடுத்த வீட்டார் அனுப்பிய கஞ்சி. எங்களூரில் கஞ்சியை வேண்டாம் என்பவர் உண்டா?

"அக்கா, கஞ்சியும் தண்ணிதானே. அதுல உப்பு வேற, தாகத்தக் கூட்டும். பேரீச்சம்பழத்துல பொட்டாசியம் கூட, இதயத்துக்கே ஆபத்து. குளிசை நேரத்தையும் நீங்களா மாத்தப்படாது."

கஞ்சியை நாங்கள் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தோம். அதைத் தண்ணீர் என்று எந்த உம்மா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள்?

அன்றைக்கே மெஷினில் போட்டு நீரை இறக்கினார்கள். மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் அழுதேன். அவர் அழவில்லை. நோன்பை விட்டுவிட்டார்.

அடுத்த நாள் பகல் சோற்றை முன்னால் வைத்தேன். சாப்பாட்டோடு சப்பித் தின்னும் குளிசையை வாயில் போட்டார். தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, போத்தலை மூடினார். நாக்கு உதட்டில் ஒட்டியது எனக்கே தெரிந்தது.

"நோன்பு இல்ல, சரி. ஆனா இந்தத் தாகம் வருஷம் முழுக்க இருக்கே புள்ள. இத அல்லாஹ் எதுல சேர்ப்பான்?"

மௌலவியிடம் கேட்கலாம் என்றேன். கேட்கவில்லை. அன்று பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். என் நோன்பைத் திறக்கத் தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.