வெளுத்த மோதிரம்

என் தங்க மோதிரம் வெள்ளியாக மாறத் தொடங்கியதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதமாக, பிள்ளைத்தாய்ச்சி மருமகளின் முகத்தில் நானேதான் சிவப்பழகு கிரீம் தடவினேன். வளைகாப்புக்கு வருகிறவர்கள் அவள் நிறத்தைப் பேசக் கூடாதென்ற வீம்பு எனக்கு. அவள் முகம் வெளுக்க வெளுக்க, என் விரலில் தங்கமும் வெளுத்தது.

பழைய நிறம் வரட்டுமென்று தேனி கடைவீதி நகை ஆசாரியிடம் மோதிரத்தைத் தணலில் காட்டச் சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“பாதரசம் ஏறிருக்கு ஆத்தா. சூடு காட்டுனா புகையா நம்ம மூச்சுல போகும். எதைத் தொட்டீக?”

கிரீம் டப்பா வந்த அட்டைப்பெட்டியை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். ஆங்கிலம் தெரியாதென்று சொல்ல மனம் வரவில்லை.

“கண்ணாடிய மறந்துட்டேன், நீயே படி தாயி.”

கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “செஞ்சவுக பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பர், என்ன சேத்திருக்குன்னு ஒண்ணுமே இல்ல.” விலைச்சீட்டை நகத்தால் உரித்தாள். அடியில் பொடி எழுத்து இருந்தது. “தங்கம், வெள்ளி மேல படக் கூடாதாம். மூஞ்சில போடுறதுக்கு நகை ஏன் பயப்படணும்? யாரு போடுறாக?”

“மருமக. ஏழு மாசம்.”

அவள் முகம் மாறியது. “இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க.”

வீட்டில் மருமகள் கண்ணாடி முன் நின்றிருந்தாள். “நானே தடவிக்கிட்டேன் அத்தை” என்று சிரித்தாள். அவள் விரல் மோதிரமும் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

முகத்தைக் கழுவ வைத்து, உண்மையைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீர்ப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தபோது பிள்ளை அசைந்தது. அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். மோதிர விரலை மட்டும் நான் மடக்கிக்கொண்டேன்.