மூன்று கிலோமீட்டரும் ஒரு பெட்டி மக்கன் பேடாவும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிப் பிழைக்கிற வக்கீலுக்கு இது ஆகாத குணம் என்று வீட்டில் சொல்லாத ஆளில்லை. ஆனால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “இதுல இன்னா மேடம் எழுதியிருக்கு?” என்று கேட்க வருகிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது?

அந்த ஆம்பூர்க்காரர் கையெழுத்துப் போடாமல் வந்தார். அதற்காகவே அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஷூ தொழிற்சாலையில் இருபது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். ஆர்டர் குறைந்து லைனை மூடியதும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மனைவியின் ஊரான கலவைக்கே குடிவந்து, கையிலிருந்ததைப் போட்டு ஒரு சென்னை பேக்கரி கம்பெனியின் கிளையை எடுக்கப்போகிறார். கம்பெனி கொடுத்த ஒப்பந்தம் இருபத்தாறு பக்கம். அடுத்த திங்கட்கிழமை அவர்களுடைய ஏரியா மேனேஜர் கையெழுத்து வாங்க வருகிறாராம்.

மனைவியும் வந்திருந்தார். புர்காவின் முகத்திரையை மேலே தள்ளிவிட்டு, மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு ஓரமாக உட்கார்ந்தார். வேலையில்லாத மாதங்களில் வீட்டை ஓட்டியது அந்தப் பெட்டியில் இருந்த மக்கன் பேடா என்ற ஆற்காட்டுப் பக்கத்து இனிப்புதான். கலவையில் கல்யாணம் என்றால் அந்தம்மாவுக்குத்தான் ஆர்டர் போகும்.

“படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“படிக்க இன்னா இருக்கு மேடம்? வேலூர்ல அவங்க மாடல் கடையப் பாத்துட்டேன். அதான் சாம்பிள். ஃபேனுக்குக் கீழ ஒரு ஷெல்ஃப்ல லோக்கல் முறுக்குகூட வெச்சு விக்கிறாங்க. நானும் இவங்க பேடாவ அப்டியே வெச்சுக்குவேன்.”

அவருடைய தொழிலில் அது சரிதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் சாம்பிள் ஷூ ஒன்றைப் பார்த்து, சரி என்று அதில் ஒரு சீட்டைக் கட்டிக் கையெழுத்துப் போட்டால், அதுதான் சட்டம். லட்சம் ஜோடி தைத்தாலும் அந்த ஒன்றைப் போலவே இருக்க வேண்டும். காகிதத்தை ஆபீஸில் யாரோ பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் கடையையும் ஷூவைப்போலப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்!

முதலில் கட்டணத்தை விளக்கினேன். கிளை எடுப்பதற்கான ஒருமுறைக் கட்டணத்தை அவர் கடை அட்வான்ஸ்போல நினைத்திருந்தார், காலி செய்தால் திரும்பி வரும் என்று.

“வராது பாய். டெபாசிட் மட்டும்தான் வரும், அதுவும் பாக்கி எல்லாம் பிடிச்சது போக. மாசாமாசம் ராயல்டி வேற. அது லாபத்துல இல்ல, மொத்த விற்பனையில. நஷ்டம் வந்தாலும் கட்டணும். விளம்பரத்துக்குன்னு தனியா ஒரு பங்கு. சரக்கும் அவங்க சொல்ற விலைக்கு அவங்ககிட்டதான் வாங்கணும்.”

“இது ஜாஸ்தி பேஜாரா இருக்கே!”

எல்லை பற்றிய பத்தியில் கலவை தாலுகா முழுக்கத் தனக்கே என்று நம்பிக்கொண்டிருந்தார். எழுதியிருந்ததோ பேருந்து நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் மூன்று கிலோமீட்டர். அதைத் தாண்டி அடுத்த நாளே வேறு ஒருவருக்குக் கிளை கொடுக்கலாம். ஆன்லைன் ஆர்டர் அந்த மூன்றுக்குள்ளும் கம்பெனிக்கே சொந்தம்.

ஒப்பந்தக் காலம் ஐந்து வருஷம்; இடையில் வெளியேறுவதற்கு மூன்று வருஷமாவது முடிந்திருக்க வேண்டும். முன்னால் விட்டால் டெபாசிட் போச்சு. அப்புறமும் தொண்ணூறு நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஓவன், ஷோகேஸ் எதையும் கம்பெனி திருப்பி எடுக்காது. வேறு ஆளுக்குக் கைமாற்றவும் கம்பெனியின் சம்மதம் வேண்டும்.

அதோடு முடிந்தது என்று மூடியிருப்பேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ‘போட்டித் தொழில்’ என்ற பத்தி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். கிளைதாரரும் ‘குடும்பத்தினரும்’ ஒப்பந்தக் காலத்திலும் அதற்குப் பின் இரண்டு வருஷமும் இனிப்பு, பேக்கரிப் பண்டங்களைச் செய்யவோ விற்கவோ கூடாது. குடும்பத்தினர் யார் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மனைவி என்ற சொல்தான் முதலில்.

சத்தமாகப் படித்தேன். அந்தம்மா பெட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த முறுக்கப் பாத்தீங்களே, அது இந்தத் தாள்ல எங்க இருக்கு? கடைசிப் பக்கத்துல பாருங்க. எழுதினது மட்டும்தான் ஒப்பந்தம், வாயால சொன்னது, காட்டினது எதுவும் சேராதுன்னு போட்டிருக்கான். சாம்பிள்னு சொல்றீங்களே, அதுல சீட்டு எங்க? கையெழுத்து எங்க?”

மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. “சீட்டு இல்லாத சாம்பிள் வெறும் ஷூ மேடம்,” என்றார் மெதுவாக. “லைன்ல ஏத்தமாட்டோம்.”

“அப்போ ஏத்தாதீங்க.”

கடையை விட்ட பிறகு வரும் தடையை நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்காது என்றும் சொன்னேன். ஆனால் ஒப்பந்தம் நடக்கிற ஐந்து வருஷத்துக்கான தடை நிற்கும். ஐந்து வருஷம் பேடா செய்யாமல் இருந்தால் ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருப்பார்களா? கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. டீ வரவழைத்தேன்.

அந்த வாரம் அவர் தினமும் போன் செய்தார். நான் மாற்றங்களைத் தனி அட்டவணையாக எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். என் அலுவலகத்துக்கு வந்துபோன நாளிலிருந்து அந்தம்மா புது ஆர்டர் எடுப்பதில்லையாம். ‘எப்டியும் நிறுத்தணும்ல’ என்று ஒரு கல்யாண வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

திங்கட்கிழமை ஏரியா மேனேஜர் என் அலுவலகத்துக்கே வந்தார். ஆம்பூர்க்காரரும், பெட்டியோடு அந்தம்மாவும் முன்பே வந்திருந்தார்கள். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்த எனக்கு அவர் ஏமாற்றம். நல்ல பையன். தலைமை அலுவலகத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். ராயல்டியில் ஒரு பைசா குறையாது என்றார். மூன்று கிலோமீட்டர் ஐந்தாகும், தாலுகாவுக்குள் அடுத்த கிளை போட்டால் முதலில் இவரிடம் கேட்பார்கள். தவறு நடந்தால் உடனே ரத்து செய்யாமல் சரிசெய்ய முப்பது நாள் தருவார்கள். வெளியேறுவதற்கான மூன்று வருஷம் இரண்டாகும். ஓவனைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

“அந்தப் பேடா?” என்று கேட்டேன்.

“கம்பெனியில மக்கன் பேடாவே கிடையாது மேடம். வீட்ல தனியா செஞ்சு, தனி உணவு உரிமத்துல, எங்க பேர் இல்லாத பெட்டியில வித்தா ஆட்சேபணை இல்ல. கடையில மட்டும் வைக்கக் கூடாது. அந்த வேலூர் முறுக்கையும் எடுக்கச் சொல்லிட்டோம்.”

நான் அதை வார்த்தைக்கு வார்த்தை அட்டவணையில் ஏற்றினேன். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாடா என்று பேனாவை மூடப் போனேன்.

“ஒரு நிமிஷம் மேடம்,” என்றார் ஆம்பூர்க்காரர். சட்டைப் பையிலிருந்து நூல் கோத்த ஒரு பழுப்புச் சீட்டை எடுத்தார். சாம்பிள் ஷூவில் கட்டுகிற பழைய ஃபேக்டரிச் சீட்டு. மனைவியின் பெட்டியில் அதைக் கட்டி மேனேஜரிடம் நீட்டினார். “இதுலயும் போடுங்க சார். தேதியோட.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “போடுங்க, இன்னா இப்போ?” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். சட்டப்படி அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அந்தம்மா சீட்டைக் கையில் எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். என் அலுவலகத்தில் முதல்முறையாக அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, கலவை பேடாக்காரம்மா பேசுறேன். அந்தக் கல்யாண ஆர்டர வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “குடுக்கலையா? குடுத்துறாதீங்க. நானே செய்றேன்.”