மூன்று நிற மையும் நான்காம் அத்தியாயமும்

என் முதல் நாவலைப் பார்ப்பதாகக் கொழும்பில் ஒரு பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஒரே தடவைதான் பார்ப்பேன், நாலு பேரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்திவிட்டு அனுப்புங்கள் என்றார். நாலு பேருக்கு எங்கே போவது? தேடித் தேடி மூன்று பேர்தான் கிடைத்தார்கள். ஒருவர் நான் வேலை செய்யும் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் சேர். இன்னொருவர் ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. கல்லாவில் இருந்தபடியே வருஷம் முழுக்க நாவல் வாசிக்கிறவர். மூன்றாவது ஆள் என் அக்கா, தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள்.

கதையில் வரும் அக்கா இவள்தான். தங்கச்சி படிக்க வேண்டும் என்று படிப்பை விட்டவள். இவளுக்குத் தெரியக் கூடாதென்று எங்கள் தேயிலைத் தோட்டத்தைக் கொத்மலைக்கு மாற்றி, அந்தப் பெண்ணுக்கு ஒரு மாறுகண்ணும் வைத்திருந்தேன். அப்படியொரு கெட்டிக்காரி நான்.

போட்டோகொப்பி எடுத்து, பைண்ட் பண்ணி, ஒவ்வொரு வீடாகப் போனேன். வெறுங்கையோடு போகலாமா? பிஸ்கட், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய், "வாசிச்சிட்டுச் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் தின்ற வாயால் என்ன குறை சொல்வார்கள்? அருமை, பிரமாதம். சேர் மட்டும் எழுத்துப்பிழை திருத்தியிருந்தார். தோட்டத்து லய வீடுகளில் சனங்கள் பேசுகிற பேச்சையெல்லாம் மேடைத் தமிழாக்கியிருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுபடி போனேன். இந்த முறை வெறுங்கைதான். சேரின் மனைவி என் கையையே பார்த்தார். மூன்று பேருக்கும் மூன்றே கேள்வி வைத்திருந்தேன்; அக்காவுக்கு ஞாயிறுதான் லீவு என்பதால் முதலில் மற்ற இருவரிடமும் கேட்டேன். எங்கே குழம்பினீர்கள், எங்கே மூடி வைத்தீர்கள், எதை வாசிக்காமல் தாண்டினீர்கள்? எப்படித் திருத்தலாம் என்று இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சொல்லாமல் இருப்பார்களா?

"நாலாவது அத்தியாயத்துல கொழம்பிட்டேன் டீச்சர். அந்த அக்கா மாதிரி அவ்வளவு நல்ல புள்ள ஒலகத்துல இல்ல. முழுசா வெட்டிடுங்க" என்றார் சேர்.

நானாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாலாவதுல கை வச்சிராதீங்க டீச்சர். எனக்கு அழுகையே வந்திச்சி. அதோட மூடி வச்சேன், ஒரு கிழமை, ஏழு நாளும் தொறக்கல்ல. அவ சந்தோசமா படிப்ப விட்டுக் குடுத்திட்டா, கத முடிஞ்சிதானே?" போகிற போக்கில், கதையில் வரும் முஸ்லிம் கடை வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் திறந்திருப்பதையும் சொல்லிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து, என் பிரதியில் ஆளுக்கொரு நிற மையில் குறித்தேன். கதையில் வரும் அந்தக் கடையை அன்றே ஜும்மாவுக்குப் பூட்டினேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சேரின் மேடைத் தமிழை ஒதுக்கினேன். ஒருவர் மட்டும் சொன்னதைப் பிறகு பார்க்க விட்டேன். நான்காம் அத்தியாயத்தில்தான் மண்டை காய்ந்தது. ஒருவர் வெட்டு என்கிறார், மற்றவர் தொடாதே என்கிறார். இரண்டு நாள் வெட்டினேன், மூன்றாம் நாள் திரும்ப ஒட்டினேன். யாரை நம்புவது, என்னையாவது நம்பலாமா என்று புரியவில்லை.

அப்புறம்தான் வெட்டு, தொடாதே இரண்டையும் தள்ளிவிட்டு, எந்த இடம் என்பதை மட்டும் பார்த்தேன். ஒருவர் குழம்பியதும் மற்றவர் மூடியதும் ஒரே பக்கத்தில். ஆனால் அங்கே என்ன கோளாறு? எத்தனை தடவை வாசித்தும் எனக்கு அது நல்ல பக்கமாகவே தெரிந்தது. அக்காவின் நிறம் மட்டும் இன்னும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதையாச்சும் தாண்டினியா?"

"நாலாவதுல ரெண்டு பக்கம்."

"ஏன்?"

"நீ கண்ண மாத்தி எழுதிட்டா எனக்குத் தெரியாதா? அவ சிரிச்சிக்கிட்டே புத்தகப் பைய தங்கச்சிக்கிட்ட குடுத்தான்னு எழுதியிருக்க. நான் எங்க சிரிச்சேன்?"

அவள் சிரித்தாள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கண்ணால் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பின்ன என்னதான் செஞ்ச?"

"பீலிக்கரைக்குப் போயி, யுனிபோர்ம தண்ணிக்கடியில போட்டு மிதிச்சேன். ஒன்னையும் ரெண்டு அடி போட்டேன். அது ஞாபகம் இல்லையாக்கும்."

எனக்கு ஞாபகம் இல்லை. வெட்டவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்குக் கோபம்தான் வேண்டும் என்று மட்டும் புரிந்தது.

"அத எழுதட்டுமா?"

மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

"எழுதிட்டு எங்கிட்ட குடு. தாண்டுறனா பாப்போம்."